வாசகம் எங்கே மடங்குகிறது?

"உங்களுக்குப் பயப்படுவேன் என்று நினைக்காதீர்கள்" என்று எழுதிய காப்பிக் கோப்பை ஒன்றை நண்பருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அந்த வாசகத்தைக் கோப்பையைச் சுற்றி ஒரே வரியாக அடித்துத் தருகிறார். நண்பர் அலுவலகத்தில் காப்பி குடிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர் கண்ணில் படுவது "உங்களுக்குப் பயப்படுவேன்" என்ற முதல் பாதி மட்டும்தான். அந்தப் பேச்சையே திருப்பிப் போடும் மீதி, உருளையின் மறுபக்கம் போய்விடுகிறது.

தமிழில் கோப்பைக்கோ பனியனுக்கோ வாசகம் எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில் வருகின்றன. கிண்டலின் குத்தும் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஆகவே இடம் போதாமல் வரி மடங்கும்போதும், வளைவில் எழுத்து மறையும்போதும் முதலில் அடிபடுவது வாக்கியத்தின் உயிர்தான். வாசகம் எத்தனை எழுத்து என்று எண்ணுவதைவிட, எந்தச் சொல் எந்த வரியில் விழுகிறது, அந்த வரி எவ்வளவு அகலம் என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை.

கடைகளில் அதிகம் ஓடும் வெள்ளைக் கோப்பை, சுமார் 325 மில்லி பிடிக்கும் '11 அவுன்ஸ் மக்'. அதன் உயரம் ஏறத்தாழ 95 மி.மீ., குறுக்களவு 82 மி.மீ. அப்படியென்றால் சுற்றளவு சுமார் 257 மி.மீ. இதில் கைப்பிடிக்கு இடம் விட்டுவிட்டு, அச்சுத்தாளுக்குக் கிடைக்கும் அகலம் பெரும்பாலான கடைகளில் 200 மி.மீ. அளவில் இருக்கும். மேல் விளிம்பிலும் அடியிலும் சூடாக்கும் பட்டை சரியாக அழுந்தாது, அங்கே நிறம் வெளிறிப்போகும். அதனால் இரு பக்கமும் 5 மி.மீ. விட்டால் எழுத்துக்கு மிஞ்சும் உயரம் 85 மி.மீ.

இருபது சென்டிமீட்டர் அகலம் தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் கண்ணுக்கு அவ்வளவும் தெரியாது. உருளையை நேர் எதிரே வைத்துப் பார்த்தால், நடுவில் இருக்கும் எழுத்து முழு அகலத்தில் தெரியும். ஓரத்தை நோக்கிப் போகப் போக எழுத்து நெருக்கப்பட்டுத் தெரியும். நடுவிலிருந்து 60 பாகை தள்ளியிருக்கும் எழுத்து பாதி அகலம்தான் தெரியும். அதற்கு மேல் தள்ளினால் படிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60, ஆக 120 பாகை என்பது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 86 மி.மீ. ஒரு பார்வையில் படித்துவிடும்படி இருக்க வேண்டுமானால் வரியின் அகலம் அதற்குள் அடங்க வேண்டும்.

கைப்பிடி இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். வலது கையால் குடிப்பவரின் கண்ணுக்குத் தெரிவது தாளின் வலது பகுதி. எதிரே இருப்பவருக்குத் தெரிவது இடது பகுதி. இந்த இரண்டு முகங்களின் நடுவும் கைப்பிடியிலிருந்து கால் சுற்று, அதாவது 64 மி.மீ. தள்ளி இருக்கின்றன. தாளோ கைப்பிடியின் நடுவிலிருந்து சுமார் 28 மி.மீ. விட்டுத்தான் தொடங்குகிறது. கழித்துப் பார்த்தால், முகத்தின் நடுவிலிருந்து தாளின் ஓரம் வரை 36 மி.மீ.தான் இருக்கிறது. வாசகத்தை முகத்தின் நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் வரி 70 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கைப்பிடிக்கு நேர் எதிர்ப்புறத்தில் போட்டால் 86 கிடைக்கும். ஆனால் அந்த இடம் குடிப்பவருக்கும் முழுதாகத் தெரியாது, எதிரே இருப்பவருக்கும் முழுதாகத் தெரியாது. வாசகம் யாருக்கு என்பதை முடிவு செய்யாமல் இடத்தை முடிவு செய்ய முடியாது. எனக்கு எதிரே இருப்பவரைச் சீண்டுகிற வாசகம்தான் பிடிக்கும். தன் கோப்பையைத் தானே படித்துச் சிரித்துக்கொள்கிறவர்களுக்கு வலப்பக்கம்.

இனி ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்குவோம். "காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு சொன்னேன். எப்போன்னு சொல்லலியே!" ஆறு சொற்கள், 28 எழுத்துகள். சின்ன வாசகம்தான். இணையத்தில் ஆர்டர் எடுக்கும் சில கடைகளின் பெட்டியில் இதைத் தட்டினால் ஐம்பது எழுத்தைத் தாண்டிவிட்டதாக எச்சரிக்கை வரலாம். கணினி எண்ணுவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல. 'சி' என்பது அதற்கு ச ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. 'ட்' என்பதும் அப்படியே ட ஒன்று, புள்ளி ஒன்று. 'குடிச்சிட்டு' நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பன்னிரண்டு. இந்தக் கணக்கில் வாசகம் இடைவெளி இல்லாமலேயே 53 ஆகிறது. ஆங்கிலத்துக்காக வைத்த வரம்பு தமிழ் வாசகத்தைப் பாதியில் நிறுத்துவது இதனால்தான். அந்த எண் அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதால் அதை வைத்து வாசகத்தை வெட்ட வேண்டியதில்லை. கடைக்காரரிடம் பேசி வரம்பைத் தளர்த்தச் சொல்வதே மேல்.

சரி, நம் கணக்கில் எழுத்தை எண்ணினால் போதுமா? அதுவும் ஏமாற்றும். இந்த ஆறு சொற்களில் நீளமானது எது என்று கேட்டால் ஆறெழுத்து கொண்ட 'குடிச்சிட்டு' என்றுதான் யாரும் சொல்வார்கள். அச்சில் பார்த்தால் 'சொல்லலியே' அதைவிட அகலமாக நிற்கும். அதில் ஐந்தே எழுத்துகள். ஆனால் 'சொ' என்ற ஓர் எழுத்துக்குக் கொம்பு, ச, கால் என மூன்று உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'யே'வுக்கு இரண்டு. ஆக எட்டு உருவங்கள். 'குடிச்சிட்டு'வில் இகரமும் உகரமும் புள்ளியும் எழுத்தோடு ஒட்டி மேலும் கீழும் போய்விடுவதால் ஆறு உருவங்களோடு முடிந்துவிடுகிறது. ஒகர, ஓகாரச் சொற்கள் இடத்தைத் தின்னும். 'படிப்பு', 'சொன்னோம்' இரண்டும் நான்கெழுத்துதான் என்றாலும் இரண்டாவது சொல் முதலாவதைப் போல் இரண்டு மடங்குக்கு அருகில் வரும்.

அதனால் அளவு பார்க்கும் முறை எளிமையாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஃபான்ட்டில் எல்லாச் சொற்களையும் 100 பாயின்ட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தட்டிப் பாருங்கள். எது அகலமோ அதைத் திரையில் இருக்கும் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 'சொல்லலியே' 200 மி.மீ. வருகிறது என்று கொள்வோம். ஃபான்ட்டைப் பொறுத்து இது கூடும், குறையும். நமக்குக் கிடைத்த இடம் 70 மி.மீ. எழுபதை இருநூறால் வகுத்தால் 0.35. ஆக எழுத்தளவு 35 பாயின்ட்டுக்கு மேல் போக முடியாது. வாசகம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அகலமான ஒற்றைச் சொல்தான் எழுத்தளவைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது உயரம். ஆங்கில எழுத்துக்கு மென்பொருள் தானாக வைக்கும் வரி இடைவெளி, எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு. தமிழுக்கு அது நெருக்கம். நம் எழுத்துகள் மேலே புள்ளியும் விசிறியும் தூக்குகின்றன, கீழே உகர ஊகார வால்களை விடுகின்றன. 'வர்றேன்னு' முதல் வரி, 'சொன்னேன்' இரண்டாம் வரி என்று வைத்துப் பாருங்கள். மேல் வரி 'னு'வின் கீழ்வளைவு, கீழ்வரி 'ன்' மேல் நிற்கும் புள்ளியைத் தொட வாய்ப்பு உண்டு. புள்ளி வளைவோடு ஒட்டிவிட்டால் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியாது. 1.4 மடங்கு வைத்தால் மூச்சு விடலாம். 35 பாயின்ட்டுக்கு அது 49 பாயின்ட், அதாவது ஒரு வரிக்குச் சுமார் 17 மி.மீ. நான்கு வரிக்கு 69 மி.மீ. ஆகும், 85க்குள் அடங்கும். சொல்லுக்கு ஒரு வரியாக ஆறு வரி போட்டால் 104 ஆகும், அடங்காது.

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. எழுத்தை 28 பாயின்ட்டுக்குக் குறைத்தால் ஆறு வரியும் ஏறிவிடும். பார்க்க மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும் என்பதுதான் குறை. இரண்டாவது வழி 'காப்பி குடிச்சிட்டு' இரண்டையும் ஒரே வரியில் சேர்ப்பது. அந்த வரி எழுபதுக்குள் அடங்க எழுத்து இன்னும் சிறுக்க வேண்டும், சிறுத்தால் மற்ற வரிகள் நடுவில் ஒல்லியாக நிற்கும். மூன்றாவது வழி, வாசகத்தையே மறுபடி படிப்பது. கோப்பையில் காப்பி இருக்கிறது, கையிலும் இருக்கிறது. 'காப்பி குடிச்சிட்டு' என்று எழுதித் தெரிவிக்க வேண்டிய தேவை என்ன? அதைத் தூக்கிவிட்டால் இப்படி நிற்கும்:

வர்றேன்னு
சொன்னேன்.
எப்போன்னு
சொல்லலியே!

ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து எழுத்துகள். நான்கு வரிகளும் ஏறத்தாழ ஒரே அகலம். முதல் இரண்டு வரி ஒரு வாக்கியம், அடுத்த இரண்டு வரி ஒரு வாக்கியம். குத்து கடைசி வரியில் தனியாக விழுகிறது. 35 பாயின்ட் எழுத்து முகம் நிறைய உட்காரும். வாசகம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். இடம் போதவில்லை என்ற தொல்லை இல்லாமலிருந்தால் அந்த இரண்டு சொற்களும் தேவையில்லாதவை என்று தெரிந்திருக்காது.

வரியை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளின் கையில் விடக்கூடாது. அதற்குத் தெரிந்தது இடைவெளி ஒன்றுதான். பெட்டியின் அகலத்துக்குள் எத்தனை சொல் அடங்குமோ அத்தனையையும் முதல் வரியில் திணித்து, மீந்ததை அடுத்த வரிக்குத் தள்ளும். இதனால் வரும் வழக்கமான கோளாறு, கடைசி வரியில் ஒற்றைச் சொல் அநாதையாக நிற்பது. அதைவிட மோசமானது, பெட்டியைவிடச் சொல் அகலமாக இருக்கும்போது சொல்லையே நடுவில் உடைப்பது. பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களில் வரி முடிகிற இடத்தில் சொல்லை உடைப்பது சாதாரணம், படிக்கிறவர்களும் பழகியிருந்தார்கள். நாலு சொல் இருக்கிற கோப்பையில் 'சொல்லலி' ஒரு வரி, 'யே' ஒரு வரி என்று வந்தால் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எழுத்துப் பெட்டியைத் தேவைக்கு மேல் அகலமாக இழுத்துவிட்டு, வரி முடிய வேண்டிய இடத்தில் நீங்களே Enter தட்டுங்கள். வரிக் கடைசியில் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள். சில மென்பொருள்கள் அந்த வெற்றிடத்தையும் சேர்த்து நடுப்படுத்துவதால் வரி ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். '5 மணி' போன்று பிரியக்கூடாதவற்றுக்கு நடுவில் U+00A0 என்ற உடையாத இடைவெளியைப் போடலாம்.

எல்லாம் சரியாக அமைத்து அனுப்பிய பிறகும் கடையில் திறக்கும்போது வரி மாறிவிடுவது உண்டு. காரணம் ஃபான்ட். உங்கள் கணினியில் இருந்தது அங்கே இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் எழுத்துகள் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும், வரிகள் எல்லாம் இடம் மாறும். டிசைனர்கள் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று கேட்பது இதற்காகத்தான். கோரல் டிராவில் Convert to Curves, இல்லஸ்ட்ரேட்டரில் Create Outlines. எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கணினியிலும் மடங்காது. திருத்தவும் முடியாது என்பதால் கர்வ் ஆக்காத நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்வ் ஆக்குவதற்கு முன்பே எழுத்து உடைந்திருக்கவும் கூடும். அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான World-Ready Composer தேர்வாகவில்லை என்றால், 'சொ'வின் கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் அமைத்த பனியன்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளி வைத்த வட்டம் ஒன்று எழுத்துக்குப் பக்கத்தில் தோன்றினால், கொம்போ காலோ தன் எழுத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள்.

தமிழ்நாட்டு அச்சகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற ஃபான்ட்கள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்து போட்டுக்கொண்ட வேடம். பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்கு `mk;kh`. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி மென்பொருளில் திறந்திருந்தால் அது `Mk;kh` ஆகிவிடும். பெரிய M பாமினியில் ஆ. ஆக அச்சில் வருவது 'ஆம்மா'. எழுத்துப்பிழை தெரியாதவர் அடித்தது என்று ஊர் சொல்லும். செய்தது கணினி. இந்த ஃபான்ட்களில் வேலை செய்யும் கடையென்றால் அந்த வசதியை அணைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பனியனுக்கு வருவோம். திருப்பூரில் அந்தப் பெயர்தான் எல்லாவற்றுக்கும். அங்கே உருளைத் தொல்லை குறைவு, இடம் தாராளம். பெரியவர்களுக்கான அளவில் நெஞ்சில் 11, 12 அங்குலம் வரை அகலமாக அடிக்கலாம். அதற்கு மேல் போனால் வரியின் இரு முனைகளும் அக்குளை நோக்கி மடங்கும். 11 அங்குலம் என்பது 280 மி.மீ. இவ்வளவு கிடைத்துவிட்டதே என்று நம் வாசகத்தை இரண்டு நீள வரிகளாகப் போட ஆசை வரும். 'எப்போன்னு சொல்லலியே!' ஒரே வரியாக 280க்குள் வர வேண்டுமானால் எழுத்து 70 பாயின்ட் அளவில்தான் நிற்கும். விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும். 70 பாயின்ட்டில் தமிழ் எழுத்தின் உடல், கொம்பு வால் நீக்கி, சுமார் 14 மி.மீ. உயரம்தான் வரும். ஐந்தரை அடிக்குள் வந்தால்தான் சிரமமின்றிப் படிக்கலாம். தெருவில் எதிரே நடந்து வருகிறவரின் நெஞ்சை அவ்வளவு கிட்டத்தில் நின்று யாரும் படிக்க மாட்டார்கள்.

அதே நான்கு வரிகளை அப்படியே விட்டு, அகலத்தை 200 மி.மீ.க்கு நிறுத்தினால் எழுத்து 100 பாயின்ட் ஆகிறது. உயரம் சுமார் 198 மி.மீ. கிட்டத்தட்ட சதுரம். எழுத்தின் உடல் 19 மி.மீ.யைத் தொடும், ஏழடி தூரத்திலிருந்தே படிக்கலாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. என்பதால் அதற்குள்ளும் அடங்கும். அச்சுக்கூலியை ஏ4, ஏ3 என்று கணக்கிடும் கடைகளில் இந்தப் பத்து மி.மீ. பணமாகும். குறைவான அகலத்தில் எழுத்து பெரிதாவது வரியை உடைத்ததால்தான். பனியனில் அகலத்தைவிட வரிகளின் எண்ணிக்கைதான் உதவி செய்கிறது. கழுத்துப் பட்டைக்குக் கீழே மூன்று அங்குலம் விட்டுத் தொடங்கினால் வாசகம் வயிற்றுக்கு இறங்காமல் நெஞ்சிலேயே முடியும். ஒரே டிசைனைச் சிறுவர் பனியனுக்கும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வரிகளை அப்படியே வைத்து மொத்தமாகச் சுருக்குங்கள். பெட்டியை மட்டும் ஒடுக்கினால் மடிப்பு மாறிவிடும்.

சுருக்கும்போது பார்க்க வேண்டியது புள்ளி. நம் நான்கு வரியில் ஏழு புள்ளிகள் இருக்கின்றன. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மிகச் சிறிய புள்ளி துணியில் பதியாமலே போகலாம். ஃபிலிமில் அடித்துச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் முறையில் பதிந்துவிடும், ஆனால் தனியாக ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு என்பதால் துவைக்கத் துவைக்க முதலில் உரிவதும் அதுவே. புள்ளியின் குறுக்களவு ஒரு மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் இரண்டிலும் தாங்கும். கனமான ஃபான்ட் எடுப்பது ஒரு வழி. கர்வ் ஆக்கியபின் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சற்றுப் பெரிதாக்குவது இன்னொரு வழி. 'வர்றேன்னு'வில் ர்-இன் புள்ளி போனால், ர-வும் காலும் ஒன்றுபோல இருக்கும் ஃபான்ட்களில் அது 'வாறேன்னு' என்று படிக்கப்படும். தென்மாவட்டத்துக்காரருக்கு அதுவும் சரியான தமிழ்தான், மற்றவர்கள் நின்று யோசிப்பார்கள்.

கடைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரிப் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட வேண்டாம். கோப்பைப் படத்தின் மேல் வாசகத்தைத் தட்டையாக ஒட்டியிருப்பார்கள், வளைவில் மறையப் போவது அதில் தெரியாது. டிசைனை வெறும் தாளில் உண்மை அளவில் அச்சிடச் சொல்லி வாங்குங்கள். அச்சிடும் பெட்டியில் Fit to page தேர்வாகியிருந்தால் அளவு சுருங்கியிருக்கும், அதனால் 70 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு தாளை வெட்டி வீட்டிலிருக்கும் கோப்பையில் ஒட்டி, கைப்பிடியைப் பிடித்துக் குடிப்பதுபோல் தூக்குங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை என்ன தெரிகிறது என்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்க்காமல் நான்கு வரியும் படித்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.